பல்லாங்குழி: முதல் கையில் ஏழு காய்

பல்லாங்குழிப் பலகை பரணில் கிடக்கும் வீடுகள் இன்னும் பல உண்டு. அதைக் கீழே இறக்கித் துடைத்து வைத்தால், ஆடச் சொல்லித்தரத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஆட்டம் கையில் இருக்கிறது. ஆனால் விதியைச் சொல்லுங்கள் என்றால், "எடுத்துப் போட்டுக்கிட்டே வா, காலியா வந்தா தடவிட்டு அடுத்ததை எடுத்துக்கோ" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கூடவே உட்கார்ந்து பார்க்கும் ஒரு குழந்தைக்கு அது போதும். வகுப்பறையில் முப்பது பேருக்கு அது போதாது. எந்தப் பக்கமாகப் போடுவது, காய் தீர்ந்தபின் எந்தக் குழியை எடுப்பது, நான்கு சேர்ந்தால் யாருக்கு என்று மூன்றாவது நிமிடத்திலேயே சண்டை தொடங்கிவிடும்.

இப்போது பள்ளிகளில் மரபு விளையாட்டுகளைக் கற்றுத்தர விரும்பும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும், விடுமுறையில் பிள்ளைகளோடு ஆட நினைக்கும் பெற்றோருக்கும் பயன்படும்படி ஐந்து காய் ஆட்டத்தை இங்கே முழுமையாகச் சொல்கிறேன். பல்லாங்குழியில் பல வகைகள் உண்டு. குழிக்கு ஆறு காய் வைப்பவர்கள் இருக்கிறார்கள், பன்னிரண்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். நடுக்குழியைத் தனியாக நடத்தும் காசிப்பாண்டி உண்டு. ஒருவரே தனியாக ஆடும் சீதைப்பாண்டியும் உண்டு. வகுப்பறைக்கு ஐந்து காய் ஆட்டமே ஏற்றது. காய்கள் குறைவு, கணக்கு எளிது, பிழை நடந்தால் கண்டுபிடிக்கவும் முடியும். அந்தக் கடைசிக் காரணம் ஆசிரியருக்கு மிக முக்கியமானது என்பதால் அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

பலகையும் காயும்

பலகையில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, ஆக 14 குழிகள். எதிரெதிரே உட்காரும் இருவரில் அவரவர் பக்கத்து ஏழு குழிகள் அவரவருக்குச் சொந்தம். குழிக்கு ஐந்து காய் வீதம் மொத்தம் 70 காய்கள் வேண்டும்.

பலகை இல்லாத பள்ளியில் தரையில் சுண்ணக்கட்டியால் 14 வட்டம் வரைந்தால் போதும். மணலில் குழி தோண்டி ஆடிய ஆட்டம்தான் இது. வட்டம் வரைந்து ஆடுவதில் ஒரே ஒரு சிரமம் உண்டு. குழி ஆழமாக இருந்தால் காய் உள்ளேயே நிற்கும், தரையில் அது பக்கத்து வட்டத்துக்கு நகர்ந்துவிடும். ஆகவே வட்டங்களுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

காய்க்குப் புளியங்கொட்டை நல்லது. எங்கும் கிடைக்கும், உருளாது. சோழி இருந்தால் சிறிய பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கலாம். மஞ்சாடி விதையும் பழைய வழக்கம்தான். ஆனால் கறுப்புப் புள்ளி வைத்த சிவப்புக் குன்றிமணியை மட்டும் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டாம். அந்தக் காலத்தில் அதை வைத்து ஆடியிருக்கிறார்கள். இலங்கையில் சிங்களவர் ஆடும் ஒலிந்த கெலியவுக்குப் பெயரே அந்த மணியிலிருந்து வந்ததுதான். ஆனாலும் குன்றிமணிக்குள் அப்ரின் என்னும் கடும் நஞ்சு இருக்கிறது. ஓடு உடையாத மணியைக் கையில் எடுப்பதால் ஒன்றும் ஆகாது, ஒரு குழந்தை அதைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மஞ்சாடி முழுச் சிவப்பாக, கறுப்புப் புள்ளி இல்லாமல் இருக்கும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாத இடத்தில் புளியங்கொட்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

விதிகள்

விளக்குவதற்கு வசதியாக, கீழ்ப்பக்கத்தில் கயலும் மேல்பக்கத்தில் மாறனும் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கயலின் இடக்கை ஓரத்தில் இருப்பது 1-ஆம் குழி. அங்கிருந்து வலப்பக்கம் போனால் 7 வரை கயலுடையவை. அதற்கு நேர் மேலே இருப்பது 8. அங்கிருந்து திரும்பி 14 வரை மாறனுடையவை. பலகையில் எண்கள் இப்படி அமையும்:

மாறன்: 14, 13, 12, 11, 10, 9, 8
கயல்: 1, 2, 3, 4, 5, 6, 7

எதிரெதிர்க் குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 15 வரும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். முதல் நாள் இந்த எண்களைச் சுண்ணக்கட்டியால் குழிக்கு வெளியே எழுதிவிடுங்கள். ஆட்டம் பழகியபின் அழித்துவிடலாம்.

ஆடுபவர் தன் பக்கத்தில் ஏதாவது ஒரு குழியின் காய்கள் முழுவதையும் கையில் எடுக்கிறார். எண் ஏறுகிற வழியில், அடுத்த குழி தொடங்கி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகிறார். எடுத்த குழியில் போடுவதில்லை. தன் பக்கம் முடிந்தால் எதிராளியின் பக்கத்துக்குப் போகிறார், அதுவும் முடிந்தால் திரும்பத் தன் பக்கத்துக்கு வருகிறார். இருவருக்கும் ஒரே வழிதான், யார் ஆடினாலும் காய்கள் அவரவர் வலக்கைப் பக்கமாகவே நகரும்.

கையில் இருந்த கடைசிக் காய் விழுந்ததும், அது விழுந்த குழிக்கு *அடுத்த* குழியைப் பார்க்க வேண்டும். அதில் காய் இருந்தால் அவற்றை எல்லாம் எடுத்து அங்கிருந்து தொடர்ந்து போடலாம். அடுத்த குழி யாருடையதாக இருந்தாலும் எடுக்கலாம். அது காலியாக இருந்தால் அந்த வெறுங்குழியைக் கையால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருக்கும் காய்களைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். அத்துடன் அவர் முறை முடிகிறது. அடுத்தடுத்து இரண்டு குழியும் காலி என்றால் ஒன்றும் கிடைக்காது. முறை எதிராளிக்குப் போகும்.

இன்னொரு வரவும் உண்டு. மூன்று காய் இருக்கும் குழியில் நான்காவது காய் விழுந்தால் அது பசு. பசு குழிக்குச் சொந்தக்காரருக்குப் போகும், அந்த நேரத்தில் ஆடிக்கொண்டிருப்பவர் யாராக இருந்தாலும் சரி. உடனே எடுத்துவிட வேண்டும். இன்னொரு காய் விழுந்து ஐந்தாகிவிட்டால் உரிமை போய்விடும். அதனால் எதிராளி ஆடும்போதும் கண்ணைப் பலகையிலிருந்து எடுக்க முடியாது. தன் முறை வரும்வரை வேடிக்கை பார்க்கும் பிள்ளையைப் பசு விடாது. ஆடுபவரின் கடைசிக் காயே பசுவாக அமைந்தால், பசுவை உரியவர் எடுத்துக்கொள்ள, ஆடுபவர் அதற்கு அடுத்த குழியிலிருந்து தொடரலாம்.

தன் முறை வரும்போது தன் பக்கத்தில் ஒரு காயும் இல்லை என்றால் அந்தச் சுற்று முடிந்தது. மீதியிருக்கும் காய்கள் அவை இருக்கும் பக்கத்துக்காரருக்கு.

இவ்வளவுதான் விதி. இதை ஒரே மூச்சில் சொல்லி யாருக்கும் புரியாது. ஒரு கை ஆடிக் காட்ட வேண்டும்.

முதல் கை

கயல் 1-ஆம் குழியிலிருந்து தொடங்குகிறாள். ஐந்து காய்களை எடுத்து 2, 3, 4, 5, 6 குழிகளில் போடுகிறாள். இப்போது அவற்றில் ஆறு ஆறாக இருக்கின்றன. கடைசிக் காய் 6-இல் விழுந்தது, ஆகவே அடுத்து எடுக்க வேண்டியது 7. அதில் இருக்கும் ஐந்தை எடுத்து 8 முதல் 12 வரை போடுகிறாள். அடுத்தது 13. அதன் ஐந்து காய்கள் 14, 1, 2, 3, 4 குழிகளில் விழுகின்றன. காலியாக இருந்த 1-இல் இப்போது ஒரு காய், 2, 3, 4-இல் ஏழு ஏழு.

அடுத்தது 5. அதில் ஆறு காய். அவை 6 முதல் 11 வரை போகின்றன. அடுத்தது 12, அதிலும் ஆறு. அவை 13, 14, 1, 2, 3, 4 குழிகளில் விழுகின்றன. கடைசிக் காய் 4-இல் விழுந்தது. அடுத்த குழியான 5 சற்று முன்புதான் எடுக்கப்பட்டது, காலி. கயல் அதைத் துடைத்துவிட்டு 6-ஆம் குழியில் இருக்கும் ஏழு காய்களை எடுத்துக்கொள்கிறாள்.

பலகை இப்போது இப்படி இருக்கிறது:

மாறன் (14 முதல் 8 வரை): 7, 1, 0, 7, 7, 7, 7
கயல் (1 முதல் 7 வரை): 2, 8, 8, 8, 0, 0, 1

பலகையில் 63, கயலின் கையில் 7, ஆக 70. கணக்கு சரி.

ஆசிரியர் இந்த இரண்டு வரிசையைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் எத்தனை இணைகள் இருந்தாலும், எல்லாரையும் முதலில் 1-ஆம் குழியிலிருந்து ஒரே ஒரு கை ஆடச் சொல்லுங்கள். எல்லாப் பலகையிலும் இதே எண்கள் வந்திருக்க வேண்டும். வராத பலகையில் விதி புரியவில்லை என்று அர்த்தம். எங்கே பிசகியது என்பதையும் கண்டுபிடித்துவிடலாம்.

அதிகம் நடக்கும் பிசகு, கடைசிக் காய் விழுந்த குழியையே திரும்ப எடுப்பது. அப்படி ஆடிய பிள்ளையின் கையில் இரண்டாவது முறை ஆறு காய் இருக்கும். சரியாக ஆடியிருந்தால் ஐந்துதான் இருக்க வேண்டும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. மலேசியாவில் ஆடும் சொங்காக்கில் விழுந்த குழியையே எடுப்பதுதான் விதி. கானாவின் ஓவாரே, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் பாவோ என்று உலகெங்கும் குழியில் காய் போடும் ஆட்டங்கள் பல இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. கைபேசியில் மன்கலா ஆடிப் பழகிய பிள்ளைகள் பக்கத்துக்கு ஆறு குழியும் ஓரத்தில் சேமிப்புக் குழியும் கொண்ட பலகையை மனத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள். நம் பலகையில் சேமிப்புக் குழி கிடையாது. வென்ற காய் மடியில் சேரும்.

இரண்டாவது பிசகு, எடுத்த குழியிலேயே முதல் காயைப் போடுவது. அப்போது முதல் ஐந்து காய் போட்டு முடித்ததும் 1-ஆம் குழியில் ஒரு காய் கிடக்கும். அந்த நேரத்தில் அது வெறுமையாக இருந்திருக்க வேண்டும். மூன்றாவது, ஒரே குழியில் இரண்டு காய் நழுவி விழுவது. இதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது, ஏனென்றால் மொத்தம் 70 மாறாது. பலகை எண்கள் மட்டுமே காட்டிக்கொடுக்கும். மொத்தமே 69 அல்லது 68 என்று வந்தால் ஆட்டத்தில் தவறில்லை, காய் கீழே உருண்டிருக்கிறது. பாயைத் தூக்கிப் பாருங்கள்.

ஏன் எப்போதும் ஏழு?

முதல் கை முடிந்ததும் வகுப்பில் ஒரு கேள்வி கேட்கலாம். 1-ஆம் குழிக்குப் பதிலாக 4-ஆம் குழியிலிருந்து தொடங்கினால் எத்தனை காய் கிடைக்கும்? பிள்ளைகள் எட்டு, ஐந்து, பத்து என்று ஊகிப்பார்கள். ஆடிப் பார்த்தால் ஏழு. 7-ஆம் குழியிலிருந்து தொடங்கினாலும் ஏழு. எங்கே தொடங்கினாலும் ஏழுதான்.

காரணம் எளிது. தொடக்கத்தில் 14 குழிகளிலும் ஒரே அளவு காய். காய் ஓடுவதும் வட்டமாக, ஒரே திசையில். ஆகவே எந்தக் குழியில் தொடங்கினாலும் நடப்பது ஒன்றே, அது வட்டத்தில் சில குழிகள் தள்ளி நடக்கிறது, அவ்வளவுதான். முதல் கையில் பசு விழாது என்பதும் இதிலேயே தெரிகிறது. ஐந்து காய் இருந்த குழிகள் மேலே ஏறுகின்றன, காலியான குழிகளில் ஒன்றோ இரண்டோதான் விழுகின்றன, மூன்றிலிருந்து நான்காக மாறும் குழி ஒன்றும் இல்லை.

அப்படியானால் முதல் கையில் யோசிக்க எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வரும் காயில் இல்லை, விட்டுவைக்கும் காயில் இருக்கிறது. 1-இல் தொடங்கினால் கயலின் பக்கம் மிஞ்சுவது 27, மாறனின் பக்கம் 36. அதே கயல் 7-இல் தொடங்கியிருந்தால் தன் பக்கம் 31 இருக்கும், மாறன் பக்கம் 32. எடுத்தது ஒன்றுதான், விட்டது வேறு. ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளிடம் இதைக் கணக்கிடச் சொல்லலாம். புதிதாக ஒரு கை ஆட வேண்டியதில்லை. முதல் பலகையின் எண்களை ஆறு குழி தள்ளி எழுதினாலே விடை வந்துவிடும்.

மாறனின் முறை

கயல் 1-இல் தொடங்கிய பலகைக்கே திரும்புவோம். இப்போது மாறனுக்குத் தெரிவு இருக்கிறது. இரண்டு வழிகளை மட்டும் பார்க்கலாம்.

13-ஆம் குழியில் ஒற்றைக் காய் இருக்கிறது. அதை எடுத்து 14-இல் போடுகிறான், அங்கே எட்டாகிறது. அடுத்தது 1, அதில் இரண்டு காய். அவை 2-இலும் 3-இலும் விழுகின்றன. அடுத்தது 4, அதில் எட்டு காய். அவை 5 முதல் 12 வரை போகின்றன. அடுத்த குழி 13, அவன் தொடங்கிய குழி, காலி. துடைத்துவிட்டு 14-இல் இருக்கும் எட்டு காய்களை எடுத்துக்கொள்கிறான். பசு ஏதும் விழவில்லை. வரவு 8, செலவு இல்லை.

இதற்குப் பதிலாக 14-ஆம் குழியின் ஏழு காய்களை எடுத்தால் என்ன ஆகும்? அவை 1 முதல் 7 வரை விழுகின்றன. 1-இல் இருந்த இரண்டு இப்போது மூன்று. அடுத்தது 8, அதில் ஏழு காய். அவை 9 தொடங்கி 14 வரை போய், கடைசிக் காய் 1-இல் விழுகிறது. மூன்று நான்காகிறது, பசு! குழி கயலுடையது, அவள் நான்கையும் எடுத்துக்கொள்கிறாள். மாறன் தொடர்கிறான். அடுத்தது 2, அதில் ஒன்பது காய். அவை 3 முதல் 11 வரை. அடுத்தது 12, ஒற்றைக் காய், அது 13-இல் விழுகிறது. அடுத்தது 14, அதிலும் ஒற்றைக் காய், அது 1-இல் விழுகிறது. அடுத்த குழி 2 காலி. அதைத் துடைத்துவிட்டு 3-இல் இருக்கும் பத்து காய்களை எடுத்துக்கொள்கிறான்.

பத்து எட்டைவிடப் பெரிது. பெரும்பாலான பிள்ளைகள் இதைத்தான் ஆடுவார்கள். ஆனால் இந்த வழியில் கயலுக்கு நான்கு காய் போயிருக்கிறது. பத்தில் நான்கு போனால் மாறனின் முன்னேற்றம் ஆறுதான். ஒற்றைக் காயை நகர்த்திய முதல் வழியில் அது எட்டு. கையில் எத்தனை வந்தது என்று மட்டும் பார்க்கும் பிள்ளை, எதிராளிக்கு எத்தனை போனது என்று பார்க்கத் தொடங்கும் இடம் இதுதான். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட, ஒரே நிலையிலிருந்து பாதி வகுப்பை 13-ஐயும் மறுபாதியை 14-ஐயும் ஆடவிட்டு, கிடைத்ததை ஒப்பிடச் செய்யுங்கள்.

வீட்டுக்கு வீடு மாறும் விதி

"எங்க வீட்டில் பசு ஆடுறவங்களுக்குத்தான்" என்று ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும். அது பொய்யல்ல. பசு குழிக்காரருக்கு என்று ஆடும் ஊர்களும் உண்டு, ஆடுபவருக்கே என்று வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. இது சிறிய வேறுபாடுபோலத் தெரியும். மேலே பார்த்த கையையே எடுத்துக்கொள்ளுங்கள். பசு ஆடுபவருக்கு என்றால் 14-ஆம் குழியில் தொடங்கிய மாறனுக்குப் பத்தோடு நான்கும் சேர்ந்து 14 காய் வந்திருக்கும். அப்போது எட்டு காய் தரும் வழியை யார் தேர்ந்தெடுப்பார்கள்? ஒரு விதியை மாற்றினால் நல்ல ஆட்டம் எது என்பதே தலைகீழாகிறது.

இன்னொரு வேறுபாடு, வெறுங்குழிக்கு அடுத்த குழியோடு அதற்கு எதிர்க்குழியையும் சேர்த்து எடுப்பது. அந்த விதியில் கயலின் முதல் கை 6-ஆம் குழியோடு நிற்காது. எதிரே இருக்கும் 9-இன் ஏழு காயும் சேர்ந்து 14 ஆகும். முதலில் ஆடுபவருக்கு யோசிக்காமலே 14 காய் கிடைக்கும். வகுப்புக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் ஆடுபவருக்கு அவ்வளவு பெரிய முன்னிலை கொடுத்தால் இரண்டாவது பிள்ளைக்கு ஆர்வம் போய்விடும். எந்த விதியை எடுத்தாலும், ஆட்டம் தொடங்கும் முன் அதைக் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது.

இரண்டாம் சுற்று

ஒரு சுற்று முடிந்ததும் அவரவர் வென்ற காய்களை எண்ணி, தங்கள் குழிகளை ஐந்து ஐந்தாக நிரப்புகிறார்கள். கயலிடம் 41, மாறனிடம் 29 என்று வைத்துக்கொள்வோம். கயல் ஏழு குழியையும் 35 காயால் நிரப்பியபின் ஆறு மிச்சம். மாறனின் 29-இல் ஐந்து குழி நிரம்பும், நான்கு மிஞ்சும். மீதி இரண்டு குழிகள் அந்தச் சுற்றுக்கு மூடப்படுகின்றன. அவற்றில் ஒரு குச்சியை வைத்துவிடுங்கள். போகிற வழியில் இருவருமே அவற்றைத் தாண்டிச் செல்ல வேண்டும், காய் போடக் கூடாது. சுற்றின் முடிவில் மாறன் 35 அல்லது அதற்கு மேல் சேர்த்துவிட்டால் இரண்டு குழிகளும் மீளும். ஐந்து காய்க்கும் கீழே போனவர் குழிக்கு ஒன்றாக வைத்து ஆடும் வழக்கமும் உண்டு. அதைக் கஞ்சி காய்ச்சுதல் என்பார்கள். ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாதவரை உடனே எழுப்பிவிடாமல் இன்னும் ஒரு வாய்ப்பு கொடுக்கும் விதி அது.

குழி குறைந்தவருக்குக் காய் மட்டும் குறைவதில்லை. ஐந்து குழிக்காரருக்கு ஐந்து தெரிவுகள்தான், ஏழு குழிக்காரருக்கு ஏழு. பசு விழக்கூடிய இடமும் அவருக்குக் குறைவு. ஆகவே பின்தங்கியவர் மேலும் பின்தங்குவதே அதிகம். தொ. பரமசிவன் 'அறியப்படாத தமிழகம்' நூலில் பல்லாங்குழியைப் பற்றி எழுதும்போது இந்த இடத்தைத்தான் தொட்டார். சமமாகப் பங்கிட்டுத் தொடங்கும் ஆட்டம், ஒருவரிடம் எல்லாம் குவிந்து மற்றவர் வெறுங்கையோடு நிற்பதில் முடிகிறது என்பதைக் கவனித்து, அதைத் தனிச்சொத்தின் தோற்றத்தோடு இணைத்துப் பார்த்தார். சமூக அறிவியல் ஆசிரியர் இந்தப் பலகையைக் கணக்கு ஆசிரியரிடமிருந்து கடன் வாங்கலாம். முதல் சுற்றில் 35-க்கு 35 என்று இருந்தது மூன்றாம் சுற்றில் எப்படி ஆனது என்று ஒவ்வொரு இணையும் எழுதி வைத்தால் வகுப்பில் பேச நிறைய இருக்கும்.

கடைசிக் காய் போகும்வரை ஆடும் முழு ஆட்டம் ஒரு பாடவேளைக்குள் அடங்காது. இது நேரம் போவதற்காகவே ஆடிய ஆட்டம். பூப்பெய்தித் தனியே உட்கார்த்தப்பட்ட பெண்களும், வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்த பெண்களும் பகல் முழுக்க ஆடியிருக்கிறார்கள். பள்ளியில் ஒரு நாளுக்கு ஒரு சுற்று போதும். மணி அடிக்கும்போது சுற்று முடியவில்லை என்றால், பலகையில் இருப்பவற்றை அந்தந்தப் பக்கத்துக்காரருக்குக் கொடுத்து எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, மறுநாள் இரண்டாம் சுற்றாகத் தொடரலாம். பெட்டியில் கொட்டும் முன் 70 இருக்கிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டு இரண்டாக அல்ல, ஐந்து ஐந்தாக. 14 குவியல் வர வேண்டும்.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது ஆடத் தெரிந்த பாட்டியிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் குழிக்கு எத்தனை காய்? பசு யாருக்கு? வெறுங்குழியைத் துடைத்தபின் எதிர்க்குழியையும் எடுப்பீர்களா? மூன்றுக்கும் வந்த விடைகளை ஊர்ப் பெயரோடு ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள். இந்த விதிகளில் பலவும் இதுவரை எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.